நாய் கூடாது, பேச்சிலர் கூடாது: அபார்ட்மென்ட் சங்கத்தின் பைலா எதுவரை செல்லும்?

சென்னையில் 48 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் பொருளாளராகவும் பிறகு செயலாளராகவும் சில வருடங்கள் இருந்தேன். நான் பதவிக்கு வருவதற்கு முன்பே அங்கே இரண்டு தீர்மானங்கள் போட்டிருந்தார்கள். ஒன்று, செல்லப்பிராணி கூடாது. இன்னொன்று, குடும்பங்களுக்கு மட்டுமே வாடகை. அந்த இரண்டையும் அவிழ்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. அப்போதிலிருந்து மற்ற குடியிருப்புக்காரர்களும் இதையே கேட்கிறார்கள். கீழே இருப்பவை தமிழ்நாட்டுச் சங்கங்களை மனதில் வைத்து எழுதிய பதில்கள்.

எங்கள் சங்கத்தில் பொதுக்குழு கூட்டி, பெரும்பான்மையோடு 'நாய் பூனை வளர்க்கக் கூடாது' என்று முடிவெடுத்துவிட்டார்கள். அது செல்லுமா?

செல்லாது என்பதற்குத்தான் வாதம் பலமாக இருக்கிறது. மத்திய அரசின் கீழ் இயங்கும் இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கங்களுக்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நகராட்சி விதிகளை மீறாமல் ஒருவர் நாய் வளர்த்தால் சங்கம் தடை போட முடியாது, பெரும்பான்மையோர் விரும்பினாலும் முடியாது, எல்லோரும் ஒருமனதாகச் சொன்னாலும் முடியாது என்கிறது அது. சின்ன நாய் பரவாயில்லை, பெரிய நாய் கூடாது என்று பிரிக்கவும் கூடாது. குரைக்கிறது என்பதைக் காரணம் காட்டி நாயை வெளியேற்றச் சொல்லவும் கூடாது.

அடுத்து, 2021 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னது. வீட்டுக்குள் செல்லப்பிராணி வைத்திருப்பதை முழுவதுமாகத் தடுக்கும் பைலா விதிகளும் ஒப்பந்த விதிகளும் சட்டத்துக்கு விரோதமானவை, அவற்றை அமல்படுத்த முடியாது என்றது. அதே தீர்ப்பு நியாயமான நிபந்தனைகள் போடச் சங்கத்துக்கு இடமும் கொடுத்தது. தீர்ப்பை அனுப்பி வாதாடுபவர்கள் இந்தப் பாதியை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள்.

இரண்டுக்கும் உள்ள கனத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வாரியம் சொன்னது வழிகாட்டுதல், நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. கேரளத் தீர்ப்பு சென்னையில் உள்ள நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இன்னொரு உயர் நீதிமன்றம் நேரடியாக இதே கேள்விக்குச் சொன்ன பதில் என்பதால் இங்கேயும் அதை எடுத்து வைக்கலாம், நீதிபதி அதைச் சட்டென்று ஒதுக்கிவிட மாட்டார்.

'விலங்குவதைத் தடுப்புச் சட்டம் செக்‌ஷன் 11(3)-ன்படி நாய்க்குத் தடை போட்டால் குற்றம்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. அதை பிரின்ட் எடுத்துக் கொடுக்கலாமா?

தயவுசெய்து கொடுக்காதீர்கள். 1960 சட்டத்தின் 11(3) எதெல்லாம் வதை ஆகாது என்று விலக்கு கொடுக்கும் பகுதி. மாட்டுக்குக் கொம்பு நீக்குவது, காயடிப்பது, உணவுக்காக அறுப்பது போன்றவை அங்கே வருகின்றன. அபார்ட்மென்ட் சங்கம் பற்றி அதில் ஒரு வார்த்தை கூட இல்லை. எதிர்த்தரப்பில் ஒரு வக்கீல் உட்கார்ந்திருந்தால் இந்த ஒரு தாளை வைத்தே உங்களைப் பார்த்து எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவார். நானே ஒரு கூட்டத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். நியாயம் நாய் வைத்திருந்தவர் பக்கம்தான் இருந்தது, ஆனால் தப்பான செக்‌ஷனைச் சொன்னதும் அவர் பேசிய எல்லாமே எடுபடாமல் போய்விட்டது.

பைலாவிலேயே இருக்கிறது என்று செயலாளர் சொல்கிறார். உண்மையா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். 'பைலா' என்று சொல்லி நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படுகிறவற்றில் நிறைய, சட்டப்படி பைலாவே இல்லை.

தமிழ்நாட்டில் பெரும்பாலான பழைய சங்கங்கள் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. பதிவு செய்தபோது கொடுத்த துணைவிதிகள்தான் பைலா. அதில் ஒரு வரியைச் சேர்க்கவோ மாற்றவோ சிறப்புத் தீர்மானம் வேண்டும். சிறப்புத் தீர்மானம் என்றால் மூன்று விஷயங்கள். குறைந்தது 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். இன்ன திருத்தத்தைச் சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். வந்து வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகு திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்து பதிவாக்க வேண்டும். பதிவாகாத திருத்தம் வெறும் காகிதம்.

எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். 'செல்லப்பிராணி கூடாது' தீர்மானத்தின் மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்புதான் சர்க்குலர் போயிருக்கிறது. அதில் இருந்த பொருள்: 'பராமரிப்பு மற்றும் இதர விஷயங்கள்'. நாய் என்ற சொல்லே இல்லை. 48 வீடுகளில் 21 ஓட்டு விழுந்திருக்கிறது. 16 ஆதரவு, 5 எதிர்ப்பு. 21இல் நான்கில் மூன்று பங்கு 15.75 என்பதால் 16 ஓட்டு போதும். கணக்கில் தேறிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அப்புறம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளை எண்ணினேன். 18தான் இருந்தன. மீதி மூன்று ஓட்டு, வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களுக்காகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் போட்டது. எங்கள் பைலாவில் பதிலாள் ஓட்டுக்கு இடமே கிடையாது. அந்த மூன்றையும் கழித்தால் 18க்கு 13. வேண்டியது 13.5, அதாவது 14. ஒரு ஓட்டில் தீர்மானம் விழுந்துவிட்டது. அதோடு முன்னறிவிப்பு போதாது, பொருளும் சொல்லப்படவில்லை, பதிவாளரிடம் யாரும் போகவும் இல்லை. நான்கு வருடமாக எல்லோரும் பயந்துகொண்டிருந்த விதி அப்படி ஒன்று இல்லவே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, நடப்பிலுள்ள பதிவு செய்யப்பட்ட பைலாவின் நகலையும் குறிப்பிட்ட தீர்மானத்தின் மினிட்ஸையும் கேளுங்கள். கொடுக்காவிட்டால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கத்தின் பதிவு எண்ணைச் சொல்லி விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் சான்றிட்ட நகல் வாங்கலாம். அந்த நகலில் 'செல்லப்பிராணி' என்ற வரி இல்லையென்றால் பாதி சண்டை அங்கேயே முடிந்தது.

உங்கள் சங்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின் கீழ் பதிவானதாகவும் இருக்கலாம். 1994ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2022ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது, அது 2024இல் நடைமுறைக்கு வந்தது. அப்படியானால் பைலாவைத் திருத்தும் முறையை அந்தச் சட்டத்திலும் உங்கள் பைலாவின் திருத்தப் பிரிவிலும் பார்க்க வேண்டும். 21 நாள் கணக்கை அப்படியே அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

முறைப்படி 21 நாள் நோட்டீஸ் கொடுத்து, பதிவாளரிடமும் பதிவு செய்துவிட்டார்கள் என்றால்?

நடைமுறைக் குறை என்ற ஆயுதம் கையைவிட்டுப் போகும். பொருள் பற்றிய வாதம் இருக்கும். பதிவாளர் ஒரு திருத்தத்தைப் பதிவு செய்துகொண்டார் என்பதாலேயே அது எல்லாச் சட்டத்துக்கும் உட்பட்டது என்று ஆகிவிடாது. கேரளத்தில் உயர் நீதிமன்றம் 'செல்லாது' என்று சொன்னதும் பைலா விதிகளைத்தான்.

அப்படியானால் நாய் வைத்திருப்பவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? சங்கத்துக்கு எந்த அதிகாரமும் கிடையாதா?

அதிகாரம் நிறையவே இருக்கிறது, ஆனால் பொதுஇடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதில்தான். உங்கள் வாசற்படிக்கு உள்ளே யார் இருக்கலாம் என்பதில் அது வராது. நாயைக் கட்டுக்கயிறு இல்லாமல் வராந்தாவில் விடக் கூடாது, அசுத்தம் செய்தால் கொண்டுவந்தவரே எடுக்க வேண்டும், குழந்தைகள் விளையாடும் மணல்திட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது, தடுப்பூசிச் சான்றின் நகலை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் எழுதலாம். எந்த நீதிமன்றமும் இதைக் குறை சொல்லாது. சென்னையில் மாநகராட்சி உரிமம் கட்டாயம், அதற்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். எனவே 'உரிமம் எடுத்துக் காட்டுங்கள்' என்று கேட்பது ஏற்கெனவே உள்ள சட்டத்தை நினைவூட்டுவதுதான்.

தகராறு வருவது லிஃப்டில். வாரியத்தின் வழிகாட்டுதல்படி லிஃப்டை மறுக்கவும் கூடாது, அதற்கென்று தனிக் கட்டணமும் வாங்கக் கூடாது. இரண்டு லிஃப்ட் இருந்தால் ஒன்றைப் பயன்படுத்தும்படி கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஒரு அம்மாவிடம் பதினொரு வயது லாப்ரடார் இருந்தது. இடுப்பு போய்விட்ட நாய். 'நாய்களுக்கு லிஃப்ட் கிடையாது' என்று ஏ4 தாளில் அடித்து லிஃப்டுக்குள் ஒட்டிய பிறகு, அந்த அம்மா தினமும் காலையில் அதைப் படிக்கட்டில் இறக்குவார். இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் உள்ள திருப்பத்தில் நாய் உட்கார்ந்துவிடும். அந்த அம்மாவும் பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிடுவார். பால் வாங்கப் போகிறவர்கள் இருவரையும் தாண்டிக்கொண்டு போவார்கள். தாளை ஒட்டியவர் உட்பட. நான் செயலாளராகிச் செய்த முதல் காரியம் அந்தத் தாளைக் கிழித்ததுதான். அதற்குப் பதிலாக 'லிஃப்டில் ஏற்கெனவே ஆள் இருந்து, அவர்கள் தயங்கினால் அடுத்த முறைக்குக் காத்திருக்கவும்' என்று எழுதினோம். ஒரு புகார் கூட வரவில்லை.

நான் எதிர்ப்பக்கம். மேல்வீட்டு நாய் ராத்திரி முழுக்கக் குரைக்கிறது, என் பையனை ஒருமுறை கடிக்கவும் வந்தது. எனக்கு என்ன வழி?

உங்களுக்கும் வழி இருக்கிறது. அந்த ஒரு நாயின் மீது, அந்த ஒரு உரிமையாளரின் மீது போவதுதான் அது. 'இந்த வளாகத்தில் நாயே கூடாது' என்று போனால் அடுத்த வீட்டுச் சாது நாயின் சொந்தக்காரரும் உங்களுக்கு எதிராகத் திரும்புவார், வழக்கும் நிற்காது.

முதலில் ஒரு குறிப்பு எழுதுங்கள். தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, யார் வீட்டில் இருந்தார்கள் என்று ஒரு மூன்று வாரம். போனில் ஒலிப்பதிவும் இருக்கட்டும். 'எப்பப் பார்த்தாலும் குரைக்குது' என்று சொல்கிற புகாருக்கும், '14ஆம் தேதி இரவு 11.40 முதல் 1.15 வரை' என்று சொல்கிற புகாருக்கும் காவல் நிலையத்தில் கிடைக்கும் மரியாதை வேறு. ராத்திரி குரைக்கிற நாய் பெரும்பாலும் தனியாகப் பூட்டி வைக்கப்பட்ட நாய். உரிமையாளர் இரவுப்பணிக்குப் போகிறாரா என்று உங்கள் குறிப்பே காட்டிக்கொடுத்துவிடும். அதை வைத்துப் பேசினால் அவரே வேறு ஏற்பாடு செய்யக் கூடும்.

கடிக்க வந்தது வேறு விஷயம். ஆபத்து விளைவிக்கக் கூடிய விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமம் இல்லாத நாய் என்றால் மாநகராட்சியிலும் புகார் செய்யலாம். அதற்காக நாய்க்கு விஷம் வைக்கலாமா என்று ஒருவர் என்னிடம் பாதி விளையாட்டாகக் கேட்டார். அதே சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் விலங்கைக் கொல்வதற்கோ ஊனமாக்குவதற்கோ ஐந்து வருடம் வரை சிறை என்று சொன்னதும் விளையாட்டு நின்றுவிட்டது.

நான் வாடகைக்கு இருக்கிறேன். சங்கம் தடுக்க முடியாது என்றால் வீட்டுக்காரரும் தடுக்க முடியாதுதானே?

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கும் வீட்டு உரிமையாளருக்கும் நடுவில் இருப்பது வாடகை ஒப்பந்தம். 'செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது' என்ற வரியைப் படித்து நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால், பிறகு பூனையைக் கொண்டுவந்துவிட்டுச் சங்கத்துக்கு எதிரான தீர்ப்பைக் காட்டுவது எடுபடாது. ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை, வீட்டுக்காரருக்கும் ஆட்சேபம் இல்லை, சங்கம் மட்டும் மல்லுக்கு நிற்கிறது என்றால் மேலே சொன்ன எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். அப்போதும் உங்கள் கடிதம் வீட்டு உரிமையாளரின் வழியாகப் போவது நல்லது. பெரும்பாலான சங்கங்களில் உறுப்பினர் அவர்தான், பைலா நகலைக் கேட்டால் மறுக்க முடியாத ஆள் அவர்.

'குடும்பத்துக்கு மட்டும், பேச்சிலருக்கு வாடகைக்கு விடக் கூடாது' என்று பைலாவில் எழுதலாமா?

நாய் விஷயத்தைவிட இது சிக்கல். 'அரசியலமைப்பு சமத்துவம் தருகிறது, அதனால் செல்லாது' என்று இணையத்தில் எளிதாக எழுதிவிடுகிறார்கள். சமத்துவம் பற்றிய 14, 15ஆம் பிரிவுகள் பெரும்பாலும் அரசைக் கட்டுப்படுத்துபவை. உங்கள் அபார்ட்மென்ட் சங்கம் அரசு அல்ல.

சங்கங்களுக்குச் சாதகமாக ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. அகமதாபாதில் பார்சிகளுக்கென்று தொடங்கிய ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம், வெளியாருக்கு விற்கக் கூடாது என்று பைலாவில் வைத்திருந்தது. ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கு என்று அதைச் சொல்வார்கள். 2005இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ஏற்றது. உறுப்பினராகச் சேரும்போதே அந்த விதியைத் தெரிந்து ஏற்றுக்கொண்டவர் பிறகு அதை மீறிச் சொத்துரிமை பேச முடியாது என்பது அதன் சாரம். சொத்தைக் கைமாற்றுவதை முழுவதுமாகத் தடுக்கும் நிபந்தனை செல்லாது என்று சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறதே என்று கேட்டதற்கும், உறுப்பினர் தானே ஏற்றுக்கொண்ட கட்டுப்பாட்டுக்கு அது வராது என்று பதில் வந்தது.

இந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு எந்தச் சங்கமும் எதையும் எழுதலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். அங்கேதான் தவறு. அந்தச் சங்கம் நிலம் வாங்கி, உறுப்பினர்களைச் சேர்த்து, அவர்களுக்கு மனை ஒதுக்கிய சங்கம். நீங்கள் பில்டரிடம் வீடு வாங்கினீர்கள். உங்கள் பெயரில் பிரிக்கப்படாத பாகத்தோடு கிரயப் பத்திரம் இருக்கிறது. சங்கம் பிறகு வந்தது, மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்வதற்காக வந்தது. அந்த நோக்கத்தைத் தாண்டி, ஏற்கெனவே உங்களிடம் உள்ள வாடகைக்கு விடும் உரிமையை, நீங்கள் எதிர்த்து ஓட்டுப்போட்ட ஒரு தீர்மானத்தால் பறிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. என் பார்வையில் முடியாது என்ற பக்கமே வலுவானது.

அதனால் உங்கள் காகிதங்களில் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். நீங்கள் வாங்கிய நாளில் அந்தக் கட்டுப்பாடு பைலாவிலோ கிரயப் பத்திரத்திலோ இருந்ததா? இருந்திருந்தால் 2005 தீர்ப்பு உங்களுக்கு எதிராக வரும், சண்டை கடினம். பிறகு நுழைத்தது என்றால் நிலைமை உங்கள் பக்கம்.

வாடகைக்கு விடக் கூடாது என்று சொல்லாமல், விடும்போது இன்னது செய் என்று சொல்லும் விதிகள் வேறு ரகம். குடித்தனக்காரரின் பெயர், போன் எண், ஒப்பந்த நகல் கொடு, காவல் துறைக்குத் தகவல் கொடுத்ததைக் காட்டு, ஒரு வீட்டில் இத்தனை பேருக்கு மேல் வேண்டாம் என்றெல்லாம் கேட்பது நியாயம். இரண்டு படுக்கையறை வீட்டில் பதினொரு பேர் தங்கினால் தண்ணீருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் என்ன ஆகும் என்று செயலாளராக இருந்தவனுக்குத்தான் தெரியும். ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் அது ஒன்பது பேர் உள்ள கூட்டுக்குடும்பத்துக்கும் பொருந்த வேண்டும். அவர்களை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் மூன்று பெண்களை மட்டும் பிடித்தால், பிரச்சினை தண்ணீர் அல்ல என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

சங்கமே குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. தண்ணீரை நிறுத்துவோம் என்கிறார்கள்.

காலி செய்யச் சொல்லும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெளியேற்றக் கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டியவர் வீட்டு உரிமையாளர். அதுவும் சட்டம் பட்டியலிட்ட காரணங்களுக்காக மட்டும்: வாடகை பாக்கி, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டது, இடத்தைத் தவறாகப் பயன்படுத்தியது போன்றவை. 'திருமணமாகாதவர்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை. குடித்தனக்காரர் உண்மையிலேயே தொல்லை கொடுத்தால் சங்கம் உரிமையாளருக்கு எழுதலாம், அவர்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், துப்புரவு போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டு உரிமையாளர் தானாகவோ வேறு ஆள் மூலமாகவோ நிறுத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஆனால் அதற்கு ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, tenancy.tn.gov.in தளத்தில் பதிவாகியிருப்பது பெரிய பலம். 'வாய்ப்பேச்சில் அட்வான்ஸ் கொடுத்தேன்' என்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சங்கமே தன்னிச்சையாக வால்வை மூடினால் அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்க வேண்டும். வால்வை மூடிய அன்றே ஒரு போட்டோவும், அன்று தேதியிட்ட ஒரு மின்னஞ்சலும் இருக்கட்டும்.

குடித்தனக்காரர் வீட்டுக்கு மட்டும் கூடுதல் மெயின்டனன்ஸ் கேட்கிறார்கள். 10% வரைதான் வாங்கலாம் என்று சொல்கிறார்களே?

அந்த 10% மகாராஷ்டிரத்துக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கு அந்த மாநில அரசு வைத்த வரம்பு. தமிழ்நாட்டுச் சங்கத்துக்கு அது பொருந்தாது. இங்கே பதிவான பைலாவில் கட்டணம் எப்படிப் பிரிக்கப்படும் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் அடிப்படை. சதுரஅடிக் கணக்கு என்று எழுதியிருந்தால், யார் குடியிருக்கிறார்கள் என்பதை வைத்துக் கூட்ட இடமில்லை. வீடு மாறும்போது லிஃப்டில் பீரோ ஏற்றுவதற்கு ஒரு தொகை வாங்குவது, உரிமையாளருக்கும் அதே தொகை என்றால், சண்டை போடத் தக்கதல்ல.

எங்கே போய் முறையிடுவது? நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமா?

தனியார் சங்கத்தின் மீது ரிட் பொதுவாக நிற்காது. பணமும் காலமும்தான் வீண்.

1975 சட்டப்படி மாவட்டப் பதிவாளர் சங்கத்தின் நடப்பை விசாரிக்கலாம். அவராகவே தொடங்கலாம், அல்லது உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து கேட்கலாம். 48 வீடு என்றால் 16 கையெழுத்து. இது சங்க நடைமுறை தவறியதற்கு நல்ல இடம். ஆனால் 'நாய் வளர்ப்பது என் உரிமை' என்று தீர்த்துச் சொல்ல அவரிடம் போகக் கூடாது. அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தில், தீர்மானம் செல்லாது என்று அறிவிக்கவும் அதை அமல்படுத்தத் தடை விதிக்கவும் கேட்டு வழக்கு போட வேண்டும். இடைக்காலத் தடை கிடைத்துவிட்டால் பெரும்பாலும் சங்கம் பேச வந்துவிடும். மூல வழக்கு முடிய வருடக்கணக்கில் ஆகும் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

நான் சங்க நிர்வாகி. பழைய தடையை எடுத்துவிட்டு என்ன எழுதுவது?

எங்கள் குடியிருப்பில் முறைப்படி 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்தோம். பழைய இரண்டு தீர்மானங்களையும் அறிவிப்பில் அப்படியே அச்சிட்டு, கீழே மாற்று வரிகளைக் கொடுத்தோம். செல்லப்பிராணிக்கு வைத்தது இது:

'செல்லப்பிராணி வளர்ப்பவர் மாநகராட்சி உரிமத்தின் நகலையும் நடப்புத் தடுப்பூசிச் சான்றையும் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பொதுஇடங்களில் நாயைக் கட்டுக்கயிற்றுடன், பெரியவர் ஒருவரின் கையில் மட்டுமே கொண்டுசெல்ல வேண்டும். அசுத்தம் நேர்ந்தால் உடனே அகற்ற வேண்டும். குறிப்பிட்ட ஒரு பிராணியால் தொடர்ந்து தொல்லை என்று எழுத்தில் புகார் வந்தால், நிர்வாகக் குழு இரு தரப்பையும் அழைத்து 15 நாளுக்குள் பேச வேண்டும்.'

வாடகைக்கு ஒரே வரி: 'வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளர், குடியேறும் நாளுக்கு முன் குடியிருப்போரின் பெயர், தொடர்பு எண், ஒப்பந்தத்தின் முதல் பக்கம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். குடியிருப்போரின் நடத்தைக்குச் சங்கத்திடம் உரிமையாளரே பொறுப்பு.' இந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் கூட்டத்தில் சத்தம் அதிகம். வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் மற்றதெல்லாம் வெறும் படிவம்.

34 பேர் நேரில் வந்தார்கள். தேவை 26. செல்லப்பிராணி வரிக்கு 29 விழுந்தது, வாடகை வரிக்கு 27. அடுத்த வாரமே பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்து, ஒப்புதல் சீட்டை மினிட்ஸ் புத்தகத்தில் அந்தக் கூட்டத்தின் பக்கத்திலேயே ஒட்டிவைத்தேன். எனக்குப் பிறகு வரும் செயலாளர் தேட வேண்டாம் அல்லவா.